மூடும் மேற்கோள்குறிக்கு அடுத்து எந்தச் சொல் வருகிறது?

கீழே உள்ள நான்கு வரிகளிலும் சொற்கள் ஒன்றே. குறிகள்தான் வேறு.

செயலர், “கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.” என்றார்.

செயலர், “கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது,” என்றார்.

செயலர், “கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது”, என்றார்.

செயலர், “கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது” என்றார்.

ஆண்டறிக்கை, ஆய்வேடு, கூட்டக் குறிப்பு, மலர்க் கட்டுரை என்று எதை மெய்ப்புப் பார்த்தாலும் இந்த நான்கு வடிவங்களையும் காணலாம். பல நேரங்களில் ஒரே பக்கத்திலேயே நான்கும் கலந்து கிடக்கும். எழுதியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பள்ளியில் காற்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் தனித்தனியே விதி சொல்லித் தருகிறார்கள். மேற்கோள் முடியும் இடத்தில் அவை எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை.

என் தேர்வு நான்காவது வடிவம். அது பார்வைக்கு எளிமையாக இருக்கிறது என்பதற்காக அல்ல, தமிழ் வாக்கியம் கட்டப்பட்டிருக்கும் விதமே அதைக் கேட்கிறது.

தமிழில் ஒருவர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போது, சொன்ன பேச்சு முன்னால் வருகிறது, ‘என்’ என்னும் வினை பின்னால் வந்து அதை ஏந்திக்கொள்கிறது. ‘என்று’, ‘என’, ‘என்ற’, ‘என்னும்’, ‘என்பது’, ‘என்றார்’ எல்லாம் அந்த ஒரு வினையின் வடிவங்கள். மேற்கோள் எத்தனை நீளமாக இருந்தாலும், வெளி வாக்கியத்தைப் பொறுத்தவரை அது இந்த வினைக்கு முன் நிற்கும் ஓர் உறுப்புதான். ‘செயலர் கடிதம் எழுதினார்’ என்பதில் ‘கடிதம்’ என்ற சொல்லுக்குப் பின் புள்ளி வைக்க நமக்குத் தோன்றாது. “கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது” என்பதும் அதே இடத்தில்தான் நிற்கிறது. வாக்கியம் இன்னும் முடியவில்லை, முடிக்கும் வினை அடுத்துதான் வருகிறது. ஆகவே அங்கே முற்றுப்புள்ளி வைத்தால், வாசிப்பவர் நின்றுவிட்டு, ‘என்றார்’ என்ற ஒற்றைச் சொல்லைத் தனியே தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

இரண்டாவது வடிவத்தில் உள்ள காற்புள்ளி ஆங்கில அச்சு வழக்கிலிருந்து வந்தது. அந்த மொழியில் ‘என்று’ போன்ற கட்டாயமான இணைப்புச் சொல் இல்லாததால், பேச்சுக்கும் சொன்னவர் பெயருக்கும் நடுவே ஒரு குறி தேவைப்படுகிறது. நமக்கு அந்தத் தேவை இல்லை. மூன்றாவது வடிவம் இரண்டாவதைத் திருத்தப் போய்ப் பிறந்தது. காற்புள்ளி உள்ளே இருப்பது உறுத்தியிருக்கிறது, யாரோ அதை வெளியே தள்ளியிருக்கிறார்கள். இடம் மாறினாலும் தேவையில்லாத குறி தேவையில்லாததுதான்.

நிறுத்தக்குறிகள் வருவதற்கு வெகு காலம் முன்பே தமிழ் மேற்கோளை மூடக் கற்றிருந்தது. தொல்காப்பிய நூற்பாக்கள் பல ‘என்மனார் புலவர்’ என்று முடிகின்றன. உரையாசிரியர்கள் ‘என்றவாறு’, ‘என்க’ என்று எழுதிப் பொருளை முடித்துக் காட்டினார்கள். ஓலையில் குறி கிடையாது, மெய்யெழுத்தின் புள்ளியைக்கூடப் பல சுவடிகளில் இடமாட்டார்கள். இருந்தும் எங்கே பேச்சு முடிகிறது என்பது தெரிந்தது. 19ஆம் நூற்றாண்டில் அச்சு பரவியபோதுதான், ஆறுமுக நாவலர் போன்ற பதிப்பாசிரியர்களின் கையில் இந்தக் குறிகள் தமிழ் உரைநடைக்குள் முறையாக வந்தன. அதாவது, மூடும் சொல்லை ஏற்கெனவே வைத்திருந்த மொழியின் மீது மூடும் குறியும் வந்து சேர்ந்தது.

அப்படியானால் மேற்கோள்குறியே வேண்டாமா? வேண்டும். ‘என்று’ பேச்சு எங்கே முடிகிறது என்று மட்டுமே காட்டும், எங்கே தொடங்குகிறது என்று காட்டாது. இந்த வரியைப் பாருங்கள்.

தலைவர் நேற்று செயலர் வரவில்லை என்றார்.

தலைவர் நேற்றுச் சொன்னாரா, செயலர் நேற்று வரவில்லையா? இரண்டும் பொருந்தும். ஒரு கூட்டக் குறிப்பில் இந்த ஐயம் பின்னாளில் சண்டையாகவே முடியலாம். திறக்கும் குறியை எங்கே வைக்கிறோம் என்பதுதான் இதைத் தீர்க்கிறது.

தலைவர் நேற்று, “செயலர் வரவில்லை” என்றார்.

தலைவர், “நேற்று செயலர் வரவில்லை” என்றார்.

ஆகவே தமிழில் திறக்கும் குறிதான் உண்மையான வேலையைச் செய்கிறது. அதற்கு முன் வரும் காற்புள்ளியும் அப்படியே. எழுதுபவரின் சொற்கள் இங்கே நிற்கின்றன, இனி வேறொருவர் பேசுகிறார் என்று அது காட்டுகிறது. அதனால் மேற்கோளுக்கு முன் நம் சொல் ஏதேனும் இருந்தால் காற்புள்ளி வையுங்கள். வாக்கியமே மேற்கோளில் தொடங்கினால் அதற்கு இடமே இல்லை. மெய்ப்புப் பார்க்கும்போது கவனத்தைத் திறக்கும் குறியின் பக்கம் கூடுதலாகச் செலுத்தலாம். மூடும் குறியின் பக்கம் செய்ய வேண்டியது பெரும்பாலும் நீக்கல்தான்.

எதை நீக்குவது, எதை வைப்பது என்பதை முடிவு செய்ய ஒரே ஒரு கேள்வி போதும்: மூடும் குறிக்கு அடுத்து எந்தச் சொல் வருகிறது?

‘என்’ வினையின் ஏதாவது ஒரு வடிவம் வந்தால், மேற்கோளின் கடைசி முற்றுப்புள்ளியை எடுத்துவிடுங்கள். காற்புள்ளி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். கடைசிப் புள்ளியை மட்டும்தான் எடுக்க வேண்டும். மேற்கோளுக்குள் இரண்டு மூன்று வாக்கியங்கள் இருந்தால், நடுவில் உள்ள புள்ளிகள் அப்படியே இருக்கும்.

“கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. புதிய நாளைப் பிறகு அறிவிப்போம்” என்றார் செயலர்.

முதல் வாக்கியத்துக்குப் புள்ளி இருக்கிறது, இரண்டாவதற்கு இல்லையே என்று சிலருக்கு இது குறைபட்டதாகத் தெரியும். இரண்டாவதற்கான முடிவை ‘என்றார் செயலர்’ என்பதன் பின் உள்ள புள்ளி எடுத்துக்கொள்கிறது. அங்கேதான் வாக்கியம் உண்மையில் முடிகிறது.

‘இவ்வாறு’, ‘இப்படி’, ‘இது’ போன்ற சுட்டுச் சொல் வந்தால் நிலைமை நேர்மாறு. அங்கே மேற்கோள் தன்னளவில் முடிந்துவிட்டது. அடுத்தது புதிய வாக்கியம். எனவே புள்ளி உள்ளேயே நிற்க வேண்டும்.

“கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. புதிய நாளைப் பிறகு அறிவிப்போம்.” இவ்வாறு செயலர் கூறினார்.

செய்தித்தாள்களில் ‘இவ்வாறு அவர் பேசினார்’ என்று முடியும் செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். பல பத்திகள் நீளும் பேச்சை ஒரே ‘என்று’ தாங்காது என்பதால் வந்த வழக்கம் அது. நல்ல வழக்கம். இதிலிருந்து ஒரு நடைமுறைப் பயனும் கிடைக்கிறது: மேற்கோள் நான்கு வாக்கியங்களைத் தாண்டினால் ‘என்று’வை விட்டுவிட்டு ‘இவ்வாறு’க்கு மாறிவிடுங்கள். வாசிப்பவர் வினையைத் தேடி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருக்காது.

மூடும் குறிக்குப் பின் எதுவுமே வராவிட்டால்தான் புள்ளி உள்ளேயா வெளியேயா என்ற பழைய வழக்கு எழுகிறது. இங்கே புள்ளி யாருடையது என்று பாருங்கள். குறிகளுக்குள் இருப்பது முழு வாக்கியம் என்றால் அதன் புள்ளி அதனுடையது, உள்ளே இருக்கட்டும்.

தலைவர் சொன்னது இதுதான்: “எவரும் தனியாகக் கையெழுத்திடக் கூடாது.”

குறிகளுக்குள் இருப்பது ஒரு சொல்லோ தொடரோ தலைப்போ என்றால், புள்ளி வெளி வாக்கியத்தினுடையது. அது மூடும் குறிக்குப் பின் வர வேண்டும்.

தீர்மானத்தில் இருக்கும் சொல் “ஒத்திவைப்பு”, “கைவிடல்” அல்ல. கட்டுரையின் தலைப்பு ‘நீர்நிலைகளும் நாமும்’.

இரண்டாவது வாக்கியத்தின் கடைசியில் புள்ளியைக் குறிக்குள் வைத்தால், புள்ளியும் தலைப்பின் பகுதி என்று ஆகிவிடும். எல்லா இடத்திலும் வெளியே வைப்பது என்று முடிவு செய்யும் பதிப்பகங்களும் உண்டு. அது பிழையன்று, ஒரு நூல் முழுவதும் அதையே பின்பற்றினால் போதும். உள்ளேயும் வெளியேயும் இரண்டு புள்ளிகள் வைப்பது மட்டும் எந்த முறையிலும் சேராது.

வினாக்குறிக்கும் உணர்ச்சிக்குறிக்கும் இந்த நீக்கல் பொருந்தாது. முற்றுப்புள்ளி நிற்கும் இடத்தை மட்டும் காட்டுகிறது. வினாக்குறி பேசியவரின் தொனியைக் காட்டுகிறது. அதை நீக்கினால் பேச்சின் ஒரு பகுதியே போய்விடும். எனவே இப்படி:

“பணம் எங்கே?” என்று உறுப்பினர் கேட்டார்.

கேட்டவர் உறுப்பினர், ஆகவே குறி உள்ளே. கேள்வி எழுதுபவருடையது என்றால் அது வெளியே, வாக்கியத்தின் கடைசிக்குப் போகும்.

“பணம் வந்துவிட்டது” என்று யார் சொன்னார்?

இரண்டையும் குழப்பி, ‘“பணம் எங்கே” என்று கேட்டார்?’ என்று எழுதுவதை அடிக்கடி பார்க்கிறோம். ‘கேட்டார்’ என்ற சொல்லைக் கண்டதும் கை தானாக வினாக்குறி போட்டுவிடுகிறது. கேட்டார் என்பது செய்தி, கேள்வி அல்ல. இதே காரணத்தால் ‘அவர் எப்போது வருவார் என்று தெரியவில்லை’ என்பதன் முடிவிலும் வினாக்குறி கிடையாது. ‘எப்போது’ என்ற வினாச்சொல் உள்ளே இருக்கிறது, ஆனால் முழு வாக்கியம் தெரியாமையைத் தெரிவிக்கிறது. அதோடு, வினாக்குறிக்குப் பின் காற்புள்ளியோ முற்றுப்புள்ளியோ ஒட்ட வேண்டாம். மேற்கோளின் வினாக்குறியோடு வாக்கியமும் முடிந்தால் அந்த ஒரு குறியே இரண்டுக்கும் போதும்.

குறி வைக்கவே கூடாத இடம் ஒன்று உண்டு, முறைசார் எழுத்தில் அதிகம் தவறுவது அங்கேதான். ‘-ஆக’ என்ற ஈற்றோடு அயற்கூற்றாகச் சொல்லும்போது பேச்சு நம் வாக்கியத்துக்குள் கரைந்துவிடுகிறது.

செயலர், “நான் நாளை வருவேன்” என்றார்.

செயலர் தாம் மறுநாள் வருவதாகக் கூறினார்.

முதல் வரியில் உள்ளவை செயலரின் சொற்கள். இரண்டாவதில் ‘நான்’ ‘தாம்’ ஆகிவிட்டது, ‘நாளை’ ‘மறுநாள்’ ஆகிவிட்டது, ‘வருவேன்’ ‘வருவதாக’ ஆகிவிட்டது. இவற்றில் ஒன்றும் செயலரின் வாயிலிருந்து வந்த வடிவம் அல்ல. ஆகவே ‘“நாளை வருவதாக” கூறினார்’ என்று குறி போடுவது, அவர் சொல்லாத சொல்லை அவர் சொன்னதாகக் காட்டுவது. அறிக்கையில் இப்படி ஒரு வரி அகப்பட்டால் இரண்டில் ஒன்றைச் செய்யலாம். அவர் சொன்ன சொற்கள் அப்படியே கையில் இருந்தால் ‘என்றார்’ வடிவத்துக்கு மாற்றிக் குறி போடுங்கள். இல்லாவிட்டால் குறியை எடுத்துவிட்டு ‘-ஆக’ வடிவத்தை வைத்துக்கொள்ளுங்கள். சொற்கள் கையில் இல்லாமல் முதல் வழியைத் தேர்வது திருத்தமல்ல, கற்பனை.

இந்த வேலையில் பலரும் கவனிக்காமல் விடும் பின்விளைவு ஒன்று இருக்கிறது. காற்புள்ளியை எடுத்தால் ஒற்று திரும்பி வரும். ‘கணக்கை, தணிக்கையாளர் பார்த்தார்’ என்பதில் காற்புள்ளி இருப்பதால் வல்லினம் மிகவில்லை. தேவையற்ற அந்தக் காற்புள்ளியை எடுத்தவுடன் ‘கணக்கைத் தணிக்கையாளர் பார்த்தார்’ என்று ஆக வேண்டும். குறியை மட்டும் அழித்துவிட்டு ‘கணக்கை தணிக்கையாளர்’ என்று விட்டால் ஒரு பிழையை எடுத்து இன்னொன்றை வைத்தவர்கள் ஆவோம். மேற்கோளை அடுத்து வரும் ‘என’வுக்கும் இது உண்டு: ‘எனக் கூறினார்’, ‘எனத் தெரிவித்தார்’, ‘எனச் சொன்னார்’, ‘எனப் பேசினார்’. ‘என்று’ வந்தால் மிகாது, ‘என்று கூறினார்’ தான். ஒற்றில் உறுதி இல்லாதவர்கள் எல்லா இடத்திலும் ‘என்று’வையே பயன்படுத்தினால் பாதித் தொல்லை தீரும்.

தலைப்புகளை ஒற்றை மேற்கோளில் இடும்போது வேற்றுமை உருபு எங்கே ஒட்டும் என்ற சிக்கலும் வரும். ‘நீர்நிலைகளும் நாமும்’இல் என்று எழுதினால் கண்ணில் இடறும். உருபைத் தலைப்போடு புணர்த்திக் குறிக்குள் நுழைத்தால் தலைப்பே மாறிவிடும். நடுவே ஒரு பொதுப்பெயரை வைத்துவிடுவது நல்லது: ‘நீர்நிலைகளும் நாமும்’ கட்டுரையில். உருபைத் தாங்கிக்கொள்ள ‘கட்டுரை’ இருக்கிறது, தலைப்பு கலையாமல் நிற்கிறது.

இனி ஒரு பத்தியை எடுத்துத் திருத்திப் பார்ப்போம். ஒரு சங்கத்தின் கூட்டக் குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

> பொதுக்குழு கூட்டம் ஞாயிறன்று, நடைபெற்றது. தலைவர் " கட்டடப் பணி, தாமதமாகிறது, ஒப்பந்ததாரர், மூன்று முறை அவகாசம் கேட்டார். " என்றார். இதற்கு, செயலர் "எவ்வளவு பணம் கொடுத்துள்ளோம்", என்று கேட்டார்?. பொருளாளர், மற்றும் உறுப்பினர்கள், "பாதித் தொகையை கொடுத்துவிட்டதாக" கூறினர். பிறகு " மீதியை, பணி முடிந்த பின் தருவது ", என்ற, தீர்மானம் நிறைவேறியது.

முதலில் இடைவெளிகள். திறக்கும் குறிக்குப் பின்னும் மூடும் குறிக்கு முன்னும் இடைவெளி கூடாது. காற்புள்ளி, முற்றுப்புள்ளி, வினாக்குறி எதற்கும் முன்னால் இடைவெளி கூடாது, பின்னால் ஒன்று வேண்டும். இது அழகுக்காக மட்டும் அல்ல. குறிக்கு முன் இடைவெளி இருந்தால் வரி மடங்கும்போது குறி மட்டும் அடுத்த வரியின் தொடக்கத்தில் அனாதையாக நிற்கலாம்.

அடுத்து மேற்கோள்களின் எல்லை. தலைவரின் பேச்சில் ‘தாமதமாகிறது’ என்பது வினைமுற்று. அங்கே ஒரு வாக்கியம் முடிகிறது, எனவே காற்புள்ளி போய் முற்றுப்புள்ளி வரும். ‘கேட்டார்’ என்பதன் பின் ‘என்றார்’ வருவதால் அங்கே உள்ள புள்ளி போகும். செயலரின் பேச்சு கேள்வி, வினாக்குறி குறிகளுக்குள் போகும். ‘கேட்டார்?.’ என்பதில் முற்றுப்புள்ளி மட்டும் எஞ்சும். பொருளாளர் தரப்பின் பேச்சு ‘-ஆக’ வடிவில் இருக்கிறது. அவர்கள் ஒவ்வொருவரும் எந்தச் சொற்களைச் சொன்னார்கள் என்பது நம்மிடம் இல்லை, ஆகவே மேற்கோள்குறியை எடுத்துவிடுகிறோம். தீர்மானம் சொல்லுக்குச் சொல் நிறைவேறியது என்பதால் அதன் குறி இருக்கும். ‘என்ற’ என்பது பெயரெச்சம், அதற்கும் அது தழுவும் ‘தீர்மானம்’ என்ற பெயருக்கும் நடுவே காற்புள்ளி நுழையக் கூடாது.

மூன்றாவதாக மற்றக் காற்புள்ளிகள். ‘ஞாயிறன்று, நடைபெற்றது’, ‘கட்டடப் பணி, தாமதமாகிறது’, ‘ஒப்பந்ததாரர், மூன்று முறை’ எல்லாம் வாய்விட்டுப் படிக்கும்போது மூச்சு விட்ட இடங்கள். சின்ன வாக்கியத்தில் எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே காற்புள்ளிக்கு வேலை இல்லை. ‘பொருளாளர், மற்றும் உறுப்பினர்கள்’ என்பதைப் ‘பொருளாளரும் உறுப்பினர்களும்’ என்று ஆக்கினால் ‘மற்றும்’ என்பதும் வேண்டாம், காற்புள்ளியும் வேண்டாம். ‘உம்’ தானே எண்ணிக் காட்டிவிடுகிறது. உம் இல்லாமல் அடுக்கினால்தான் காற்புள்ளி தேவை: ‘தலைவர், செயலர், பொருளாளர் ஆகியோர்’. அங்கேயும் ‘ஆகியோர்’ என்பதற்கு முன் காற்புள்ளி கிடையாது.

கடைசியாக ஒற்று. குறிகள் எல்லாம் நிலைபெற்ற பிறகே இதைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு முறை வேலை. ‘பொதுக்குழுக் கூட்டம்’, ‘இதற்குச் செயலர்’, ‘தொகையைக் கொடுத்து’, ‘மீதியைப் பணி’ என்று நான்கு இடங்கள். ‘பொதுக்குழு’வும் ‘தொகையை’யும் முதலிலேயே இருந்த பிழைகள். ‘இதற்கு’, ‘மீதியை’ இரண்டும் காற்புள்ளியை எடுத்ததால் வந்தவை. வரியை மாற்றியதால் ‘கொடுத்துவிட்டதாகப் பொருளாளரும்’ என்ற ஐந்தாவது இடமும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

> பொதுக்குழுக் கூட்டம் ஞாயிறன்று நடைபெற்றது. தலைவர், “கட்டடப் பணி தாமதமாகிறது. ஒப்பந்ததாரர் மூன்று முறை அவகாசம் கேட்டார்” என்றார். இதற்குச் செயலர், “எவ்வளவு பணம் கொடுத்துள்ளோம்?” என்று கேட்டார். பாதித் தொகையைக் கொடுத்துவிட்டதாகப் பொருளாளரும் உறுப்பினர்களும் கூறினர். பிறகு, “மீதியைப் பணி முடிந்த பின் தருவது” என்ற தீர்மானம் நிறைவேறியது.

மூலப் பத்தியில் மேற்கோளுக்கு வெளியே இருந்த காற்புள்ளிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இப்போது உள்ள மூன்றும் திறக்கும் குறிக்கு முன்னால் புதிதாக வைத்தவை.

கணினியில் இதைச் செய்யும்போது இடைவெளியை முதலில் திருத்தச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விசைப்பலகையில் இருப்பது நேர்க்குறி ஒன்றுதான் (U+0022). அதைத் திறக்கும் குறியாகவோ (U+201C) மூடும் குறியாகவோ (U+201D) மாற்றுவது சொற்செயலி. முன்னால் இடைவெளியோ அடைப்புக்குறியோ வரித்தொடக்கமோ இருந்தால் திறக்கும் குறி, எழுத்து இருந்தால் மூடும் குறி என்று அது முடிவு செய்கிறது. மேலே உள்ள பத்தியில் ‘தருவது’ என்ற சொல்லுக்குப் பின் இடைவெளி விட்டுக் குறியைத் தட்டியிருக்கிறார்கள். அங்கே சொற்செயலி திறக்கும் குறியைப் போட்டுவிடும். பிறகு இடைவெளியை அழித்தாலும் குறி தானாகத் திரும்பாது, மேற்கோளின் இரு முனையிலும் “ என்றே நிற்கும். சிறிய எழுத்துருவில் இது கண்ணுக்குத் தெரியாது, அச்சில் பெரிதாக வரும்போதுதான் தெரியும். வேர்டில் இடைவெளிகளைத் திருத்தியபின், தானியங்கி மேற்கோள் வசதி இயங்கும் நிலையில், தேடும் பெட்டியிலும் மாற்றும் பெட்டியிலும் அதே நேர்க்குறியை இட்டு எல்லாவற்றையும் மாற்றினால், ஒவ்வொரு குறியும் புதிய இடத்துக்கு ஏற்பத் திரும்பிக்கொள்ளும். ஒற்றைக்குறிக்கும் அவ்வாறே செய்யலாம்.

‘என்’ வினைக்கு முன் நிற்கும் புள்ளிகளைத் தேட, வடிவத்தேடல் வசதியுள்ள தொகுப்பானில் இது உதவும்:

```
தேடுக:    (?:[.,]”|”,)\s+(என்ற|என்ப|என்கி|என்னும்|எனும்|எனக் |எனச் |எனத் |எனப்|என )
மாற்றுக:  ” $1
```

ஒருங்குறியில் உயிர்மெய்யின் குறி பின்னால் வருவதால், ‘என்ற’ என்று தேடினாலே ‘என்று’, ‘என்றார்’, ‘என்றும்’ எல்லாம் அகப்படும். ‘எனக்’ என்பதற்குப் பின் இடைவெளி கட்டாயம். அது இல்லாவிட்டால் ‘எனக்கு’ என்று தொடங்கும் புதிய வாக்கியங்களும் சிக்கி, அவற்றின் முன்னால் நியாயமாக நின்ற புள்ளி போய்விடும். வெறும் ‘என்’ என்று தேடினால் ‘என்ன’, ‘என்னை’ எல்லாம் வந்து விழும். சொல் எல்லைக்கான `\b` குறியை நம்ப வேண்டாம். பல தொகுப்பான்களில் அது தமிழின் மெய்ப்புள்ளியையும் துணைக்குறியையும் எழுத்தாகக் கொள்ளாமல் சொல்லின் நடுவிலேயே எல்லை காணும். மூன்று தனிப் புள்ளிகளாகத் தட்டிய முப்புள்ளி மேற்கோளின் முடிவில் இருந்தால் அதன் கடைசிப் புள்ளியையும் இந்தத் தேடல் தின்றுவிடும், எனவே முன்னதாக அவற்றை ஒற்றை எழுத்தான … (U+2026) ஆக மாற்றிக்கொள்ளுங்கள். இத்தனைக்குப் பிறகும் எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்ற வேண்டாம், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதுதான் பாதுகாப்பு.

மேற்கோளுக்குள் மேற்கோள் வந்தால் வெளியே இரட்டை, உள்ளே ஒற்றை. இரண்டும் ஒரே இடத்தில் முடிந்தால் உள்ளே இருப்பது முதலில் மூடும்.

தலைவர், “செயலர் என்னிடம், ‘கணக்கு முடிந்தது’ என்றார்” என்று கூறினார்.

மூன்றாவது அடுக்கு தேவைப்பட்டால் குறியைத் தேடாதீர்கள். வாக்கியத்தை உடைத்து, ஓர் அடுக்கை ‘-ஆக’ வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கடைசிப் புள்ளியை நீக்குவது மூலத்தைத் திருத்துவது ஆகாதா என்று ஆய்வேடு எழுதுபவர்கள் கேட்பதுண்டு. ஓடும் பத்திக்குள் எடுத்தாளும்போது அந்தப் புள்ளி ஒன்றை விடுவது ஏற்கப்பட்ட வழக்கம். மற்ற எதையும், மூலத்தில் உள்ள பிழையான காற்புள்ளியைக்கூட, தொடக் கூடாது. நீங்கள் சேர்க்கும் சொல் சதுர அடைப்புக்குள் போக வேண்டும், விட்ட சொல்லுக்கு முப்புள்ளி வேண்டும். சட்டப் பிரிவு, ஒப்பந்த வாசகம் போல ஒவ்வொரு புள்ளியும் கணக்கில் வரும் இடங்களில் ஓடும் பத்தியையே தவிர்த்துவிடலாம். முன்னுரை வாக்கியத்தை முக்காற்புள்ளியோடு முடித்து, மேற்கோளைத் தனிப் பத்தியாக இடப்பக்கம் உள்ளே தள்ளி அமைக்க வேண்டும். அந்த அமைப்பே இது மேற்கோள் என்று சொல்லிவிடுவதால் மேற்கோள்குறி போட வேண்டாம், மூலத்தின் புள்ளிகள் அனைத்தும் கடைசிப் புள்ளி உட்பட அப்படியே இருக்கும். அதன் பின் அடுத்த பத்தியை ‘என்று’ என்ற சொல்லில் தொடங்க வேண்டாம், புதிய வாக்கியமாகவே தொடங்குங்கள். உள்ளே தள்ள முடியாமல் மேற்கோள் பல பத்திகளுக்கு ஓடினால், ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் திறக்கும் குறி வரும், மூடும் குறி கடைசிப் பத்தியின் முடிவில் மட்டும் வரும்.